பத்துப் பேருக்கு இருபது செய்தி

வேலையே செய்யாத ஓர் ஏற்பாட்டுக்காக நான் பொன்னாடை போர்த்திக்கொண்டவன். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிய வந்தால் இன்னும் கேவலமாக இருக்கும்.

பாளையங்கோட்டையில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் கம்பெனி நடத்துகிறோம். கம்பெனி என்பது வாசல் போர்டில் மட்டும்தான். உள்ளே ஒரு ஹால், மூன்று மேஜை, நான் வாங்கி வாங்கி அடுக்கிவிட்டுப் பாதியில் மூடி வைத்த புத்தகங்கள். இரண்டு தெரு தள்ளி ஓர் அறக்கட்டளை டயாலிசிஸ் மையம் வைத்திருக்கிறது. பத்து மெஷின். ஆழ்வார்குறிச்சியிலிருந்தும் ராதாபுரத்திலிருந்தும்கூட ஆட்கள் வருவார்கள். யாருக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று பதிந்து வைத்து, அதை அவரவர் போனுக்கு எஸ்எம்எஸ்ஸாக அனுப்பிவைக்கும் வேலை எங்களுடையது. வாட்ஸ்அப் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். பாதிப் பேரிடம் இருந்தது பட்டன் போன்.

எஸ்எம்எஸ்ஸை நாம் நேராக ஒருவர் போனுக்கு அனுப்பிவிட முடியாது. நடுவில் அதற்கென்று ஒரு கம்பெனி உண்டு. நம் சர்வர் செய்தியை அதனிடம் கொடுக்கும். ‘வாங்கிக்கொண்டேன்’ என்று அது உடனே ஒரு நம்பர் தரும். பிறகு அது செய்தியைத் தொலைபேசிக் கம்பெனியிடம் தள்ளிவிடும். செய்தி உரிய போனில் போய் விழுந்ததும், ‘சேர்ந்தது’ என்று இன்னொரு தகவல் அதே வழியில் திரும்பி வரும். முதல் தகவல் ஒரு நொடியில் வந்துவிடும். இரண்டாவது, ஐந்து நொடியிலும் வரும், ஐந்து மணி நேரத்திலும் வரும், வராமலும் போகும்.

அந்த நடுக் கம்பெனி படுத்துவிட்டால் என்ன செய்வது? அதற்காக நான் இரண்டு கம்பெனிகளைப் பிடித்து வைத்தேன். முதல் கம்பெனி செய்தியை வாங்க மறுத்தால் சர்வர் தானாகவே இரண்டாவது கம்பெனிக்குத் திரும்பிக்கொள்ளும். மையத்தின் வரவேற்பறையில் ஒரு சின்னத் திரை மாட்டி, எல்லாம் நலம் என்றால் பச்சை, வழி மாறினால் மஞ்சள் என்று விளக்கும் வைத்தேன். அறக்கட்டளைக் கூட்டத்தில் இதைக் காரின் ஸ்டெப்னியோடு ஒப்பிட்டுப் பேசினேன். கைதட்டினார்கள். பொன்னாடை வந்தது அன்றைக்குத்தான்.

கூட்டத்துக்கு முன்பே, எங்கள் மூவரில் உண்மையாகவே வேலை தெரிந்தவரான பெண் கேட்டார். “சார், அவன் ‘வாங்கிக்கிட்டேன்’னு சொன்னதை வச்சித்தான் பச்சை காட்டுதோம். வாங்கிட்டு அனுப்பாம வச்சிருந்தா?”

“வாங்குனவன் எதுக்கும்மா வச்சிக்கிடுதான்? ஊறுகாயா போடப் போறான்?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் திங்களும் வியாழனும் வருவார்கள். அவர் ரைஸ்மில்லில் மெக்கானிக்காக இருந்தவர், அறுபது வயதைத் தாண்டியவர். சிறுநீரகம் இரண்டும் போன பிறகு மில்லையும் விட்டார். அந்தம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். வாரத்தில் அந்த இரண்டு நாள் மட்டும் போவதில்லை. மதிய ஷிஃப்டுக்குக் காலை ரயிலைப் பிடித்து ஜங்ஷனில் இறங்கி, டவுன் பஸ் ஏறி வருவார்கள். அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளந்து கொடுத்திருந்தார். அந்தம்மா தூக்குச்சட்டியோடு ஒரு நனைந்த துண்டையும் பிளாஸ்டிக் பையில் மடித்து எடுத்து வருவார். அவருக்கு நாக்கு வறண்டால் துண்டால் உதட்டை ஒற்றி எடுப்பார். ரயிலில் வரும்போது அந்தம்மா தானும் தண்ணீர் குடிப்பதில்லை. மையத்தில் அவரை மெஷினில் மாட்டி, அவர் கண்ணயர்ந்த பிறகுதான் வராந்தாவுக்கு வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, ஒரு சொம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பார். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் ஏதோ தவறான இடத்தில் நின்றுவிட்டதுபோல வேறு பக்கம் பார்த்தேன்.

வியாழக்கிழமைகளில் காலை ஷிஃப்ட் கிடையாது. தூரத்து ஆட்களின் வசதிக்காக அன்றைக்கு மதியம் மட்டும்தான் என்று வைத்திருந்தோம். பத்துப் பேர், பத்து மெஷின்.

ஐப்பசி மழையில் ஒரு புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு மையத்தின் பொறுப்பு நர்ஸ் போன் செய்தார். தண்ணீர் சுத்திகரிக்கும் பிளான்டில் ஏதோ கோளாறு. மெஷினுக்கு அந்தத் தண்ணீர்தான் உயிர். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அதை நிறுத்திக் கழற்றினால் வெள்ளி இரவு வரை ஓடாது. ஆகவே வியாழன் மதியத்துக்கு வரவேண்டியவர்கள் காலை ஏழு மணிக்கே வந்துவிட வேண்டும். தவறவிட்டால் சனிக்கிழமைதான்.

“திங்கக்கெழமை போட்டவங்களுக்கு சனிக்கெழமைனா தாங்காது சார். அதுலயும் ஆழ்வார்குறிச்சிக்காரருக்கு இப்பமே மூச்சு வாங்குது. கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு,” என்றார் சிஸ்டர்.

“பத்து நிமிஷத்துல எல்லாருக்கும் போயிரும் சிஸ்டர்.”

மூன்று பத்துக்கு அனுப்பினோம். பத்துக்குப் பத்தும் ‘வாங்கிக்கொண்டேன்’. பச்சை.

நாலு மணிக்கு மறுபடி சிஸ்டர். பத்துப் பேரில் ஒருவருக்கு வீடு மையத்துக்கு எதிர்ச் சந்து. மருந்து வாங்க வந்த அவருடைய மகளிடம் சிஸ்டர் விசாரித்தால், செய்தியே வரவில்லையாம்.

“இங்க பச்சையாத்தான் இருக்கு சிஸ்டர்.”

“இங்கயும் பச்சையாத்தான் இருக்கு சார். அவங்க போன்ல ஒண்ணும் இல்ல.”

பிறகுதான் ‘சேர்ந்தது’ என்ற கட்டத்தைத் திறந்து பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. முதல் கம்பெனியிடம் ஏதோ அடைப்பு. செய்திகளை மரியாதையாக வாங்கிக்கொண்டு உள்ளே குவித்துக்கொண்டிருந்தார்கள். வாங்க மறுத்திருந்தால் என் ஏற்பாடு விழித்திருக்கும். வாங்கிக்கொண்டே இருந்ததால் அது தூங்கியது. எங்கள் கம்பெனிப் பெண் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். ஊறுகாய் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கையாலேயே வழியை மாற்றி, இரண்டாவது கம்பெனி மூலம் மறுபடி அனுப்பினேன். பத்தும் நிராகரிப்பு.

இந்த நாட்டில் யார், எந்தப் பெயரில், எந்த வாசகத்தை எஸ்எம்எஸ்ஸாக அனுப்பலாம் என்பதற்குத் தொலைபேசிக் கம்பெனிகளிடம் ஒரு பதிவேடு உண்டு. கண்ட விளம்பரமும் வரக்கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு. எங்கள் பெயரைப் பதிந்திருந்தேன், வாசகங்களைப் பதிந்திருந்தேன். எந்தக் கம்பெனி வழியாக அனுப்புவோம் என்பதையும் அதில் சொல்லி, அந்தக் கம்பெனியும் அதை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். முதல் கம்பெனிக்குச் செய்திருந்தேன். இரண்டாவதற்குச் செய்யவில்லை. ஒரே ஒரு செய்தியை அதன் வழியாக அனுப்பிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஒப்பந்தம் போட்டு, பணம் கட்டி, கூட்டத்தில் உவமை சொல்லிக் கைதட்டும் வாங்கிய ஸ்டெப்னியில் காற்றே இல்லை.

பதிவேட்டுக்குள் நுழைய என் போனுக்கு ஒரு ரகசிய எண் எஸ்எம்எஸ்ஸில் வரவேண்டும். அது இரண்டே நொடியில் வந்தது. யாரோ ஒருவர் எங்கேயோ ஒழுங்காக வேலை செய்திருக்கிறார் என்று தோன்றியது. பிறகு இரண்டாவது கம்பெனியின் பெயரைச் சேர்த்து, ஒப்புதல் கொடுக்கச் சொல்லி அவர்களுக்குப் போன் போட்டேன். இசையைக் கேட்கவைத்தார்கள். மறுபடி போட்டேன். கடைசியில் ஒரு புண்ணியவான் ஒப்புதல் கொடுத்தார். ஐந்தரைக்குச் செய்திகள் போயின. ஐந்து முப்பத்தொன்றுக்குப் பத்துக்குப் பத்தும் ‘சேர்ந்தது’. இந்தத் தடவை உண்மையான சேர்ந்தது.

சிஸ்டருக்குச் சொன்னேன்.

“எதுக்கும் நான் எல்லாருக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுரட்டுமா சார்?”

“வேண்டாம் சிஸ்டர். டெலிவரி ரிப்போர்ட்டே வந்துட்டு. உங்களுக்கு வேற சோலி இல்லியா?”

“சரி சார்,” என்றார். போனில் ஏதோ காகிதம் மடிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நான் மதிப்புக் கொடுத்திருக்க வேண்டும்.

ஏழரை மணிக்கு வீட்டில் தோசை தின்றுகொண்டே போனில் செய்திக் கணக்கைத் திறந்து பார்த்தேன். முதல் கம்பெனியில் அடைப்பு விலகி, மூன்று பத்துக்கு மாட்டிக்கொண்டிருந்த செய்திகளும் வரிசையாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. பத்துப் பேருக்கு இருபது ‘சேர்ந்தது’. ஒன்று போதும் என்ற இடத்தில் இரண்டு. எனக்கு மிகுந்த திருப்தியாக இருந்தது. இன்னொரு தோசை கேட்டேன்.

மறுநாள் காலை ஏழே காலுக்கு சிஸ்டர் அழைத்தார். ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். ஆழ்வார்குறிச்சிக்காரர்கள் வரவில்லை. போன் போட்டுக் கேட்டதற்கு அந்தம்மா நிதானமாக, ‘ரயிலுக்கு இன்னும் நேரம் கெடக்கே சிஸ்டர், இவுகளுக்குக் கஞ்சி ஆத்திக்கிட்டு இருக்கேன்’ என்றாராம்.

“காலையில வரச்சொல்லி மெசேஜ் வரலியான்னேன். வந்துச்சு, பொறவு வேண்டாம்னுட்டியளேங்காவ. நான் எப்பம் சார் வேண்டாம்னேன்?”

“நாமளும் அனுப்பலியே சிஸ்டர்.”

“அதெல்லாம் பொறவு பேசுவோம். பன்னெண்டுக்குத் தண்ணி நின்னுரும். நாலு மணி நேரம் ஓடணும். ரயிலுக்கு நின்னா நடக்காது. ஆட்டோ பிடிச்சு அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லிட்டேன். நீங்க காரை எடுங்க.”

நான் காரை எடுத்தேன். ஸ்டெப்னியைப் பற்றி உலகுக்கு எடுத்துச் சொன்னவனின் கார் என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுகிறேன். சேரன்மகாதேவியில் மழை வலுத்தது. வீரவநல்லூரில் ஒரு கோயில் சப்பரம் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. வாழ்க்கையில் முதல் முறையாக நான் சாமியைப் பார்த்து ஹாரன் அடித்தேன்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடைத் தாழ்வாரத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு, தோள் ஏறி இறங்க மூச்சு எடுத்துக்கொண்டிருந்தார். செருப்பு காலில் நுழையாமல், அந்தம்மாவின் கையில் இருந்தது. முன் சீட்டைச் சாய்த்து உட்காரவைத்தேன்.

“சாய்க்காதீய சார். படுத்தா மூச்சு முட்டும்,” என்றார் அந்தம்மா. நிமிர்த்தினேன்.

கல்லிடைக்குறிச்சி தாண்டும்வரை வைப்பருக்கு நடுவே பாதையைத் தேடி ஓட்டினேன். பிறகு என்னால் அடக்க முடியவில்லை.

“ஏம்மா, நேத்து என்னதான் மெசேஜ் வந்துச்சு?”

“எனக்கு எழுத்து தெரியாதுல்லா சார். இவுகளுக்குக் கண்ணு மங்கல். நான் மணியை வச்சித்தான் பாக்கது.”

“மணியையா?”

“முந்துன நா காலையில பத்து மணிக்கு ஒருக்கா கிண்ணுன்னா, நாளைக்கு எப்பவும்போல வாங்கன்னு அர்த்தம். அதை யாருட்டயும் காட்ட மாட்டேன். வேற நேரத்துல கிண்ணுன்னா ஏதோ மாறிருக்குன்னு மருந்துக்கடைல கொண்டு காட்டி வாசிச்சுக் கேட்டுக்கிடுவேன். நேத்து அஞ்சரைக்கு வந்துச்சு. கொண்டு காட்டினேன். காலையில ஏழுக்குன்னாவ. மொத பஸ்ஸுக்குப் போணும்னு துணியெல்லாம் எடுத்து வச்சாச்சு.”

“பொறவு?”

“ஏழரைக்கு இன்னொண்ணு கிண்ணுன்னுச்சே.”

“அதையும் காட்டியிருக்கலாம்லா?”

“மழைக்குக் கடையடைச்சுட்டாவ. காட்டவும் வேண்டாம் சார், அது எனக்கே தெரியுமே. ஆடி மாசம் இப்படித்தான் நேரத்தை மாத்தி ஒண்ணு விட்டிய. அரைமணி நேரத்துல, இல்ல பழையபடியே வாங்கன்னு இன்னொண்ணு விட்டிய. அதுக்கு முன்னாலயும் ஒருக்கா அப்படித்தான். ஒருநாள்ல ரெண்டாவதா மாத்தி வந்தா, மொத மாத்துனது ரத்து. அதான கணக்கு?”

அதுதான் கணக்கு. எங்கள் பழைய பதிவுகள் முழுவதையும் ஒரு நிபுணர் குழுவிடம் கொடுத்திருந்தாலும் அவர்கள் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இதுதான். அதுவரை மாற்றத்துக்குப் பின் வந்த இரண்டாம் செய்தி ஒவ்வொன்றும் முதலாவதை ரத்து செய்ததுதான். நாங்கள் வாசகத்தை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தோம். அந்தம்மா நேரத்தையும் எண்ணிக்கையையும் படித்துக்கொண்டிருந்தார். ஒரே வாசகம் இரண்டு வழியில், இரண்டு நேரத்தில் வந்து விழுந்தபோது, எழுத்து தெரிந்த ஒன்பது பேருக்கு அது வெறும் தொந்தரவு. இவருக்கு அது ‘வரவேண்டாம்’.

“தப்பு எம்மேலதாம்மா,” என்றேன். “ஒரே மெசேஜ்தான் ரெண்டு தடவை வந்திருக்கு. மொத ஆளு தாமதமாக்கிட்டான்னு ரெண்டாவது ஆளுட்டக் கொடுத்தேன். மொத ஆளுட்ட மாட்டுனதை நிப்பாட்டல.”

அந்தம்மா பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து, துண்டால் அவர் உதட்டை ஒற்றினார். “இவுகளுக்கு மூச்சு வாங்குதப்ப எல்லாம், நாந்தான் கணக்குத் தப்பிட்டேனோன்னு இருந்துச்சு,” என்றார் மெதுவாக. “அப்படி இல்லன்னா சரி.”

முன் சீட்டிலிருந்து அவர் முதல் முறையாக வாயைத் திறந்தார். “அவ… கணக்கு… தப்பாது.” மூச்சு எடுத்துக்கொண்டார். “மாத்திரை… எட்டு வகை. எல்லாம்… கலரை வச்சி. இதுவரைக்கும்… மாறுனதில்ல.”

“பேசாம வாங்க,” என்றார் அந்தம்மா. அதட்டல் மாதிரித்தான் இருந்தது, ஆனால் கை அவர் தோளிலேயே இருந்தது.

ஒன்பதரை தாண்டி மையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சிஸ்டர் வாசலில் சக்கர நாற்காலியோடு நின்றிருந்தார். பிளான்ட்டைக் கழற்ற வந்திருந்தவரிடம் பேசி, ஒரு மணி வரைக்கும் நிறுத்தக்கூடாது என்று ஏற்பாடு செய்துவிட்டிருந்தார். பேசினார் என்பது மரியாதைக்கு. அந்த ஆள் கருவிப் பெட்டியைத் திறக்காமல் ஸ்டூலில் கை கட்டி உட்கார்ந்திருந்த விதத்தில் வேறு வார்த்தை தோன்றியது. மூன்றேகால் மணி நேரம் ஓடியது. மிச்சத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு முறை கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார்.

பதினோரு மணிவாக்கில் அவர் மூச்சு சீரானது. கண்ணை மூடிக்கொண்டார். அந்தம்மா வராந்தாவுக்கு வந்தார். கூஜாவைத் தேடிப் போனவர், பாதியில் நின்று என்னைப் பார்த்து, “நீங்க காலையில ஏதும் சாப்பிட்டியளா சார்?” என்றார். நான் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அவர் நம்பாமல் தூக்குச்சட்டியைத் திறந்து, மூடியில் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தார். அவருக்காக ஆற்றிய கஞ்சி. உப்பில்லாமல் இருந்தது. இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தேன்.

அந்த வாரம் முழுவதும் எங்கள் பெண் சொல்லச் சொல்ல நான் செய்தேன். முறைப்படி நான்தான் முதலாளி.

‘வாங்கிக்கொண்டேன்’ என்பதை இனி நம்புவதில்லை என்று ஆரம்பித்தோம். ‘சேர்ந்தது’ என்ற தகவல் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதைத்தான் பார்ப்பது. ஆனால் நாங்கள் ஒரு நாளைக்கு அனுப்புவது இருபதோ முப்பதோ. அந்தக் கொஞ்சத்தை வைத்து ஒரு கம்பெனி படுத்துவிட்டதா என்று முடிவு செய்ய முடியாது. நோயாளியின் செய்தியே பரிசோதனை எலியாகவும் கூடாது. ஆகவே மூன்று பழைய போன்களில் மூன்று தொலைபேசிக் கம்பெனிகளின் சிம் போட்டு, ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, இரண்டு நடுக் கம்பெனி வழியாகவும் அவற்றுக்குச் சோதனைச் செய்தி போகும். வந்ததும் அந்தப் போனே சர்வருக்குச் சொல்லிவிடும். ஒரு நடுக் கம்பெனியின் செய்தி, ஒன்றுக்கு மேற்பட்ட போன்களில், அடுத்தடுத்து இரண்டு முறை இரண்டு நிமிடத்துக்குள் வராவிட்டால் வழி மாறும். மாறிய பிறகு ஒரு செய்தி சரியாக வந்துவிட்டது என்பதற்காக உடனே திரும்பி ஓடுவதும் இல்லை. ஒரு மணி நேரம் தொடர்ந்து ஒழுங்காக நடந்தால்தான் திரும்புவது. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் குடியை விட்டதாகச் சொன்னபோது நாங்கள் கடைப்பிடித்த முறையும் இதுதான், அங்கே மட்டும் மணிக்குப் பதிலாக மாதம்.

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதற்குத் தனி ஏற்பாடு வேண்டாம் என்றார் எங்கள் பெண். அதையும் ஓடவிட்டால் போதும். தினசரி நினைவூட்டல்களில் பாதியை இரண்டாவது கம்பெனி வழியாகவே அனுப்ப ஆரம்பித்தோம்.

இரட்டைச் செய்திதான் கடினமாக இருந்தது. ஒவ்வொரு செய்திக்கும் பதினைந்து நிமிட ஆயுள் என்று குறித்து அனுப்பினோம். அதற்குள் போய்ச் சேராவிட்டால் வழியிலேயே செத்துவிட வேண்டும். அந்த ஆயுள் முடிந்த பிறகே அடுத்த வழியில் மறுபடி அனுப்புவது. ஆனால் எல்லாத் தொலைபேசிக் கம்பெனியும் இந்த ஆயுளை மதிக்கும் என்று சொல்ல முடியாது. செத்திருக்க வேண்டிய செய்தி மறுநாள் எழுந்து வருவதும் உண்டு. அதனால் நேரம் மாறும் நாட்களில், செய்தி போய்ச் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், மையம் முழுவதிலும் எழுத்து தெரியாத ஆறு பேருக்கு சிஸ்டர் போன் போட்டுச் சொல்வது என்று முடிவானது. அந்தப் பட்டியலை அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். புதன்கிழமை மாலை “ஒரு போன் போட்டுக் கேட்டுரட்டுமா” என்றபோது அந்தக் காகிதம் அவர் கையில்தான் இருந்திருக்கிறது.

இன்னொன்றும் செய்தோம். செய்தி கிடைத்து, விளங்கியும்விட்டால், மையத்தின் ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். போனுக்கு வந்துவிட்டதா என்பதை டெலிவரி ரிப்போர்ட் சொல்லிவிடுகிறது. ஆளுக்கு வந்ததா என்பது அதற்குத் தெரியாது. ஆழ்வார்குறிச்சி நம்பரிலிருந்து எப்போதும் இரண்டு ரிங் வரும். ஒன்று போதும் என்று சிஸ்டர் சொல்லிப் பார்த்தார். “ஒண்ணு தவறிப்போச்சுன்னா?” என்று அந்தம்மா கேட்டாராம். சிஸ்டர் இரண்டு ரிங் என்றே குறித்துக்கொண்டார்.

தை பிறந்து ஒரு புதன்கிழமை காலை, முதல் கம்பெனி மறுபடி செய்திகளை வாங்கி உள்ளே குவிக்க ஆரம்பித்தது. நான் அப்போது பல்லுக்கு வைத்தியம் பார்க்க வாயைத் திறந்தபடி இருந்தேன். பத்து மணி நினைவூட்டல்களில் பாதி மாட்டிக்கொண்டது. ஜன்னலோரத்துப் போன்கள் கவனித்துவிட்டன. பத்து நிமிடத்துக்குள் வழி மாறியது. மாட்டிய செய்திகளின் ஆயுள் முடிந்த பிறகு, பத்தே காலுக்கு மேல் அவை மட்டும் இரண்டாவது கம்பெனி வழியாகப் போயின. ஒருவருக்கு ஒன்றுதான். இரட்டை இல்லை. மருந்துக்கடைக்குப் போய்வரும் நேரம் கழித்து, பத்து நாற்பதுக்கு ஆழ்வார்குறிச்சியிலிருந்து இரண்டு ரிங். இத்தனையும் எங்கள் கை படாமல் நடந்திருக்கிறது. பல் டாக்டரிடமிருந்து வந்து பதிவுகளைப் படித்தபோது, மரத்துப்போன வாயோடு நான் சிரித்தேன். பாதி முகம்தான் சிரித்தது என்று எங்கள் பெண் சொன்னார்.

இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வீட்டில் சொன்னேன், பல் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். மறுநாள் வியாழக்கிழமை மதியம் மையத்துக்கே போனேன். ரைஸ்மில்காரர் மூன்றாவது மெஷினில் இருந்தார். கால் வீக்கம் வற்றி, செருப்பு கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அந்தம்மா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் கை அசையாமல் இருக்க முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கார்ப் பயணத்துக்குப் பிறகு ரைஸ்மில்காரர் என்னை சார் என்று அழைப்பதை விட்டு, ‘வே’ போட ஆரம்பித்திருந்தார். அதை நான் ஒரு பதவி உயர்வாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் என்பதால் அவருக்குத்தான் விளங்கும் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எப்போது அடைத்தது, போன்கள் எப்படிக் கண்டுபிடித்தன, பதினைந்து நிமிட ஆயுள், வழி மாறிய நேரம், ஒன்றுகூட இரட்டையாகப் போகாதது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, மில்லில் பெல்ட் ஓடும் சத்தத்தைக் கேட்கிறவர்போல, கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

“ஆக, நேத்து மெசேஜ் வந்துட்டு,” என்றார்.

“வந்துட்டு அண்ணாச்சி.”

கண்ணைத் திறக்காமலே சொன்னார். “வரதுதானவே அதுக்கு சோலி?”